இரண்டு பேருக்கு எடுத்த சரக்கு

கமலாட்சி வளையல் கொள்முதலுக்குத் தனியாக மதராஸ் வந்தது அதுதான் முதல் தடவை. பதினாலு வருஷமாக கலாவதிதான் கூட வந்து விலை பேசுவாள். போன மாசம் காமாலையில் அவள் போய்விட்டாள். கலாவதி கமலாட்சியின் சக்களத்தி. "இனிமே உனக்கு நிம்மதிதான்" என்று தெருவில் இரண்டு பேர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மொத்தக்கடை சிட்டிபாபு பழைய பில்லைப் பார்த்தார். "போன தடவை மாதிரியே போட்டுடவா அம்மா? பெரிய அளவு எட்டுப் பெட்டி, குழந்தைங்க அளவு ரெண்டு."

"இல்லை பாபு. பெரிசு மூணு போதும். சின்னது ஆறு வேணும். விலை மட்டும் பழைய விலைக்கே போடுங்க."

"வளையல் செய்யற பிரோசாபாத்திலேயே விலை ஏறிப்போச்சு. அந்த விலை பத்துப் பெட்டிக்குப் போட்டது. நீங்க ஒன்பதுதான் கேக்கறீங்க, அதுலயும் பெரிசைக் குறைச்சுட்டீங்க. பழைய கணக்கே எடுங்க, பழைய விலை தரேன்."

"எடுத்துக்கினு போய் என்ன பண்றது? ஏனாத்தூரு, திருப்புட்குழி எல்லாம் கூடை தூக்கிக்கினு போனது கலாவதி. ஊர்ப் பொம்பளைங்கதான் பெரிசு வாங்குவாங்க. இப்ப கோயில் வாசல் கடை மட்டும்தான். அங்க குழந்தைங்களுக்குத்தான் கேக்கறாங்க."

"அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"செத்துப்போயிட்டா."

சிட்டிபாபு பில்லைக் கீழே வைத்தார். "அடடா. உங்க தங்கச்சிதானே?"

"எங்க வீட்டுக்காரரு ரெண்டாவதா கட்டினவ."

அவர் பில்லை மறுபடி கையில் எடுத்தார். கமலாட்சிக்கு அது பழகிவிட்டிருந்தது. யாரும் துக்கம் கேட்காத சாவு அது.

"பாவம் பார்க்காதீங்க பாபு," என்றாள். "பழைய விலைக்கு வாங்கின சரக்கு கிடங்குல எவ்வளவு இருக்குது? அதைச் சொல்லுங்க."

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சின்ன அளவு ஆறும் பழைய சரக்குலேயே இருக்கு. அதுக்குப் பழைய விலை. பெரிசு மூணும் புதுசு, புது விலைதான். ஆனா இன்னிக்கே எடுத்துடணும். தனியா எடுத்து வைக்கமாட்டேன்."

"சரி. கட்டுங்க."

இப்படிக் கேட்கவே கலாவதிக்குத் தோன்றியிருக்காது. அவள் சண்டை போட்டிருப்பாள். கடைக்காரர் முகம் சிவக்கிற வரைக்கும் விடமாட்டாள். 'பாத்தியாடி' என்று சொல்ல கமலாட்சி பக்கத்தில் திரும்பினாள். அங்கே சணல் கயிற்று உருண்டைதான் கிடந்தது.

காஞ்சிபுரம் பஸ்ஸில் பெட்டிகளைக் காலடியில் அடுக்கி, மிச்சத்தைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். கண்டக்டர் வந்தார்.

"இந்த சீட்டுக்கு ஆள் வருதாம்மா?"

"யாரும் இல்லைப்பா," என்று சொல்லி, பெட்டிகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பூந்தமல்லி தாண்டும் வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.