மாமியிடம் சொன்ன ஈரம்

படுக்கையறைச் சுவர் ஊறிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் எந்த வீட்டுச் சுவர்தான் உப்புப் பூக்கவில்லை என்று நானும் துடைத்துத் துடைத்து விட்டுவிட்டேன். இப்போது ஈரம் கட்டில் தலைமாட்டுக்கே வந்துவிட்டது. அடுத்த மாதம் என் வீட்டுக்காரர் லிங்கராஜ் கப்பலிலிருந்து லீவில் வருகிறார். பத்து மாதம் கழித்து வருகிற மனுஷனோடு ஹாலில் பாய் விரித்துப் படுக்க எனக்கு மனமில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வீடு ஆதிநாதன் சாருடையது. ஓய்வுபெற்ற வாத்தியார், பக்கத்துத் தெருவில் இருக்கிறார். மனைவி வரலக்ஷ்மி மாமி போன ஆவணியில் தவறியபின் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. போனில் சுவரைப் பற்றிச் சொன்னேன். என்ன பழுது, எப்போதிலிருந்து, முன்னால் யாரிடம் சொன்னீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றுக்குமே என்னிடம் பதில் இல்லை. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் கரை சேர்ந்த அன்று என் வீட்டுக்காரர் அழைத்தார். கப்பலுக்குப் புறப்படுவதற்கு முன்பே மாமியிடம் சொல்லியாயிற்று என்றார்.

"பல தடவ சொல்லியும் கேக்கலன்னு எழுதுளா. அப்பத்தான் வேல நடக்கும்."

நான் மேலே கேட்பதற்குள் லைன் போய்விட்டது. இறந்துபோனவர் மீது பழி போட எனக்குக் கை வரவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதினேன்.

'ஐயா, குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஈரமாக இருக்கிறது. நிலத்து உப்பா, குழாய்க் கசிவா என்று எனக்குத் தெரியாது. நான் கவனித்தது கார்த்திகை மழைக்குப் பின்பு; முன்பே இருந்திருக்கலாம். மாமியிடம் சொன்னதாக என் கணவர் சொல்கிறார். அப்போது நான் உடன் இல்லை, தேதியும் தெரியாது. உங்களிடம் நாங்கள் சொன்னதில்லை. ஆள் வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். போட்டோ இணைத்துள்ளேன். செல்வராணி.'

மறுநாளே சார் பிளம்பர் பேச்சிமுத்துவோடு வந்துவிட்டார். பேச்சிமுத்து குளியலறைக் குழாய்களை அடைத்து, கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் முள் இறங்கியது. சுவருக்குள் கசிகிறது, உடைத்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். சார் சரி என்றார். ஆனால் கிளம்பவில்லை. என் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார்.

"என்கிட்ட அவ சொல்லவே இல்லையே."

எங்களைப் பொய்க்காரர்கள் என்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது.

"அன்னிக்கு அவ என்ன சொன்னான்னு, உங்க ஆத்துக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேளா?"

சுவரைப் பூசி முடித்த அன்றுதான் என் வீட்டுக்காரருடைய பதில் வாட்ஸ்அப்பில் குரலாக வந்தது. சார் வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினேன்.

"மாமி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. 'அவருக்கு இப்பதான் கண் ஆபரேஷன் ஆகியிருக்குப்பா. சொன்னா உடனே சிமெண்டுத் தூசியில வந்து நிப்பார். ஆறட்டும், நானே சொல்லிக்கறேன்'னாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். என் புருஷன் குரலுக்குள் அவர் மாமியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தடவை அவர் கேட்காமலே போட்டேன். எனக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.