டான்சியின் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு கண் போன தன் நாய் டான்சியை ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைப்பதென்று கிளாரி நூனன் கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டான். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. பார்வை திரும்பாது, ஆனால் வலியில்லை, பழக்கினால் நன்றாக வாழும் என்றுதான் சொன்னார். கிளாரியின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

ஒன்பது வருடம் ஆயிரத்து இருநூறு ஆடுகளை ஓட்டிய கெல்பி இன மேய்ச்சல் நாய் அவள். இப்போது மேசைக்காலில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் சமையலறைக்கும் முற்றத்துக்கும் அவளைத் தூக்கிக்கொண்டே அலைந்தான். இறக்கிவிட்ட இடத்தில் அவள் நடுங்கியபடி நின்றாள்.

"வேலை நாய்க்கு வேலை போயிட்டா அப்புறம் என்ன இருக்கு குவென்டா?"

"வெள்ளி வரைக்கும் எனக்குக் குடு," என்றாள் மனைவி. "ஒரே நிபந்தனை. நீ அவளைத் தூக்கக்கூடாது. தூக்கித் தூக்கி எங்க இருக்கோம்னே தெரியாமப் பண்ணிட்ட."

"பாவமில்லையா அது?"

"உன் பாவத்தை உன் கால்சட்டைப் பையில வச்சுக்க. கையையும் அங்கயே வச்சுக்க."

குவென்டா ஒரு காரியத்தில் இறங்கினால் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவாள். தண்ணீர்க் கிண்ணம் இனி நகரக்கூடாது. நாற்காலிகள் எப்போதும் மேசைக்குள் தள்ளியே இருக்க வேண்டும். மேசை முனைகளில், நாயின் மூக்கு உயரத்தில், பழைய காலுறைகளைச் சுற்றினாள். விறகு அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வைத்தாள். வராந்தாப் படிக்கு முன்னால் ரப்பர் விரிப்பு, கீழே சொரசொரப்பான மிதியடி. பாதத்தில் பட்டதுமே படி வருகிறது என்று டான்சிக்குத் தெரிய வேண்டும். தொடுவதற்கு முன் பேச வேண்டும். அணைக்கு, அதாவது ஆட்டுக்குத் தண்ணீர் தேக்கும் குட்டைக்கு, போகும் கதவு எப்போதும் கம்பி போட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை டான்சி ஏழு முறை முட்டினாள். புதன்கிழமை சுவரோரமாக மோப்பம் பிடித்துத் தானே கிண்ணத்தைக் கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை ரப்பர் விரிப்பில் நின்று, ஒரு கால் நீட்டித் துழாவி, படி இறங்கினாள். கிளாரி கால்சட்டைப் பைக்குள் கையை முறுக்கிக்கொண்டு பார்த்தான். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வேண்டாமென்று மருத்துவருக்குப் போன் போடவில்லை. படி இறங்குவது ஒரு வேலையா என்ன?

வெள்ளி காலை எட்டு மணிக்கு மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தவன், நாற்பது வருடப் பழக்கத்தில் அணைக் கதவில் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டு வந்தான். கம்பி கட்டவில்லை. காற்றடித்தது, கொக்கி கழன்றது.

தேநீர்க் கோப்பையோடு வராந்தாவுக்கு வந்தபோது டான்சி கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் அணைக் கரைக்கும் இடையே இருபது அடி இருக்கும். கரை வழுக்கும் களிமண். உள்ளே விழுந்தால் பார்வை இருக்கிற ஆட்டாலேயே ஏற முடியாது.

"குவென்டா, அவ அணைக்குப் போறா."

ஓடலாமென்றால் அவனுடைய முழங்கால் ஓடாது. கத்தினால் மிரண்டு முன்னால் பாய்வாள். கோப்பை கீழே விழுந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை, ஆடு ஓட்டும்போது அவளுக்குக் கட்டளை சொல்லும் விசிலை, ஒரு மாதமாக ஊதாததை, கை தானாக எடுத்தது.

ஒரு நீண்ட ஊதல். நில்.

டான்சி அப்படியே தரையில் படுத்தாள். கரை இரண்டு அடியில்.

கிளாரி உதட்டை நனைத்துக்கொண்டு இடப்பக்க ஊதலைக் கொடுத்தான். அவள் எழுந்து இடப்பக்கம் திரும்பி, கரையோரமாக நடந்தாள். தண்ணீரிலிருந்து விலகியதும் திரும்பி வரும் ஊதல். காதை நிமிர்த்தி, சத்தம் வந்த திக்கை நோக்கி நேராக வந்தாள். வழியில் தண்ணீர்த் தொட்டி. நில். வலப்பக்கம். போதும், வா. ஒரு ஊதல்கூட அவளுக்குப் புரியாமல் போகவில்லை. கண் போனதிலிருந்து அவன்தான் ஊதாமலே இருந்திருக்கிறான்.

குவென்டா ஓடிப் போய்க் கதவைக் கம்பியால் இறுகக் கட்டினாள். அவனைத் திட்டவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருக்கலாம்.

மிதியடியில் கால் பட்டதும் டான்சி நின்றாள். தூக்கிவிடக் கை துடித்தது அவனுக்கு. தூக்கவில்லை. "படி," என்றான். அவள் ஏறி வந்து, அவன் செருப்பில் முகவாயை வைத்து, அடுத்த ஊதலுக்காகக் காத்திருந்தாள். வேலை செய்த நாளெல்லாம் அவள் அப்படித்தான் காத்திருப்பாள். கிளாரி அழுதான், மறைக்கவில்லை.

ஒன்பதரைக்குக் கால்நடை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"இல்லம்மா. இன்னைக்கு வர முடியாது," என்றான் கிளாரி. "டான்சிக்கு வேலை இருக்கு."