கட்டுக்குள் இருந்த கை

அக்கா பளு தூக்குபவள். இடது முன்கை உடைந்து மாவுக்கட்டு போட்டபோது அவள் அழுதது வலிக்காக இல்லை. முன்பொருமுறை வலது கை உடைந்து, மாவுக்கட்டிலிருந்து குச்சியாக வெளிவந்ததை அவள் மறக்கவில்லை. அது தேறுவதற்குள் போட்டியே முடிந்துவிட்டது.

இந்த முறை டாக்டர் சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு கிரியேட்டின் பொடி எழுதிக்கொடுத்தார். "சதை கரையறதைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆராய்ச்சியில கைக்குப் பலன் தெரிஞ்சிருக்கு, காலுக்கு அவ்வளவா இல்ல. உறுதி சொல்ல மாட்டேன்."

தினமும் நான்தான் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன்.

"சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பாடி இது?" என்று திட்டிக்கொண்டே குடிப்பாள்.

இன்று எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. ரம்பம் மாவுக்கட்டைப் பிளந்தது. தோல் செதிலாக உரிந்திருந்தது, கை மெலிந்துதான் இருந்தது. ஆனால் குச்சியாக இல்லை. பிசியோதெரபிஸ்ட் விரலை நீட்டினார்.

"லேசா பிடிம்மா."

அக்கா பிடித்தாள்.

"லேசான்னு சொன்னேன், தாயே!"

"பொடியாலதானா சார்?" என்றேன்.

"ஒரே ஒரு கையை வச்சு சத்தியம் பண்ண முடியாதும்மா. இருக்கலாம்."

நான் அவள் முன்கையைத் தொட்டேன். அக்கா மறுபடி விரல்களை மடக்கினாள். இத்தனை நாள் இருட்டில் அசையாமல் கிடந்த சதை, என் விரலுக்கடியில் மெல்ல எழுந்தது.