ஆளுயரப் படத்தில் ஒரு தோல் கச்சை

பண்ணைக் கூலி அந்தெல்ம் புரூத்தேவுக்கு அன்றைய பூசையில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. கோயிலை விட்டு வெளியேறும் கூட்டம் நேராகத் தானியக் கூடத்துக்குத்தான் போகும். அங்கே அவனை ஆளுயரத்துக்கு வரைந்து மாட்டியிருந்தார்கள். படம் பாரிஸ் கண்காட்சிக்குப் போகுமுன் ஊர் பார்க்கட்டும் என்று ஏற்பாடு.

வரைந்தவன் பெரெயோல், திராட்சைத் தோட்டக்காரரின் மகன். "தினமும் எப்படிக் குனியிறியோ அப்படியே குனி" என்று சொல்லி, அந்தெல்மை வடிகால் வெட்டவிட்டு வரைந்தான். வெட்ட வெட்டச் சட்டை மேலேறியது. இடுப்பில் இருந்த தோல் கச்சை வெளியே வந்தது. இருமினாலே இறங்கிப் புடைக்கும் குடலை உள்ளே தள்ளிப் பிடிக்கிற கச்சை அது. மனைவி பிலொமேனைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்தெல்ம் அப்போது கவலைப்படவில்லை. அவனுக்குத் தெரிந்த படமெல்லாம் கோயில் சுவரில் இருப்பதுதான். உடம்பெல்லாம் அம்பு தைத்த புனிதருக்கும் அங்கே மேனி வெண்ணெயாக இருக்கும். ஓவியன் என்றால் குறையை மறைப்பவன் என்றே நினைத்திருந்தான்.

நேற்றுதான் சட்டம் அடித்த தச்சன் சொன்னான், கச்சையின் வளையம்கூடப் படத்தில் தெரிகிறது என்று.

நாளை மார்ட்டின் திருநாள். பண்ணைக்காரர்கள் சந்தையில் ஆள் பிடிக்கும் நாள். குடல் இறங்கியவனை எவனும் கூட்டிப் போகமாட்டான். நாளை விட்டால் ஒரு வருடம் பிச்சைதான்.

"எல்லாரும் மூஞ்சியத்தாங்க பாப்பாங்க" என்றாள் பிலொமேன், வழியில்.

"மூஞ்சியே இல்லடி அதுல. தொப்பி மறைச்சிருக்காம்."

கூடத்துக்குள் வண்ணம் குழைத்த ஆளி எண்ணெயின் வாடை. இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்து, அடியில் கருமை பூசி, அதன்மேல் கத்தியால் அப்பிய வண்ணம். மண்ணும் தோலும் ஒரே தடிப்பில் இருந்தன. வெடித்த குதிகால், கிழிந்த காலுறை, சேறு காய்ந்த பின்புறம். அவனேதான்.

"தொடாதீங்க, இன்னும் காயல" என்று பெரெயோல் கூட்டத்தைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தான்.

பத்திரம் எழுதும் ஊதோ துரை கைத்தடியைத் தட்டினார். "இந்த அளவுத் துணியில ராஜாவைப் போடுவாங்க, இல்லன்னா யுத்தத்தப் போடுவாங்க. நீ ஒரு பிட்டத்தப் போட்டு வச்சிருக்க."

"சின்னதா வரைஞ்சிருந்தா சாப்பாட்டு அறையில மாட்டியிருப்பேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "இவன் நிமிந்தா என்னைவிட உயரமா இருப்பான் போலிருக்கே."

"அதுக்குத்தான வரைஞ்சிருக்கான். இந்தக் கூலிக்காரனுங்க முதல்ல ஓட்டுரிமை கேட்டானுங்க. இப்ப சுவத்துலயும் ஏறிட்டானுங்க" என்றார் ஊதோ.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் பயம் இருந்தது. அந்தெல்ம் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் ஒரே ஆள்மேல் இருந்தது: பண்ணைக்காரர் ஜாக்மே. ஐந்து வருடமாக அவனைக் கூட்டிப் போகிறவர். படத்துக்கு முன்னால் கைகட்டி நின்று, நகராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தெல்ம் ஓவியனின் கையைப் பிடித்தான். "ஐயா, அந்தப் பட்டைய மட்டும் அழிச்சிடுங்க."

"காலையில ஊதோவும் மாத்தச் சொல்லித்தான் கேட்டாரு. முதுக நேராக்கு, காலக் கழுவு, பாரிசுல நல்ல இடத்துல மாட்டச் சொல்றேன்னாரு. அவருக்கு முடியாதுன்னுட்டு உனக்குச் செஞ்சா நான் என்ன மனுசன்?"

"வேலை போயிடும்யா."

"அட, யாரும் அதைப் பாக்கல. அளவப் பாத்துத்தான் அலறுறானுங்க."

ஜாக்மே ஒரு அடி முன்னால் போனார். கழுத்தை நீட்டினார். அந்தெல்ம் ஓவியனின் கையை விட்டான். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய், படத்தில் தன் சட்டை நுனியில் கட்டைவிரலை அழுத்திக் கீழே இழுத்தான். பதமாக இருந்த சாம்பல் வண்ணம் வழுக்கிவந்து கச்சையை மூடியது.

ஊதோ கைதட்டினார்.

"பாத்தீங்களா, கூலிக்காரனுக்கே இது பொறுக்கல. சபாஷ்டா."

மற்றவர்களும் தட்டினார்கள். யாரோ அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். பெரெயோல் வெளுத்துப்போய் அவனையே பார்த்தான்.

ஜாக்மே மட்டும் கைதட்டவில்லை.

"வடிகால் எங்க நிலத்துலயான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார் மெதுவாக. அவர் கண் வண்ணம் இழுபட்ட இடத்தில் நின்றது. பிறகு அந்தெல்மின் இடுப்புக்கு வந்தது. "எத மூடினப்பா?"

"ஒண்ணுமில்லீங்க."

"சட்டையத் தூக்கு."

துரைமார்கள் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். அந்தெல்ம் சட்டையைத் தூக்கினான். விரல்பட்ட இடமெல்லாம் சாம்பல் வண்ணம் ஒட்டியது. ஜாக்மே கச்சையை ஒதுக்கி, மாட்டின் விலாவைத் தொடுவதுபோல் இரண்டு விரலை அடிவயிற்றோரம் வைத்து அழுத்தினார்.

"இருமு."

அந்தெல்ம் எவ்வளவு மெல்ல இருமமுடியுமோ அவ்வளவு மெல்ல இருமினான்.

"நல்லா இருமுப்பா."