கேலரியில் மிஞ்சிய கை

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட ராஜாத்திக்குத் தெரியவில்லை. புருஷனின் போனைக் கையில் வைத்துக்கொண்டு மலைத்துப்போய் நின்றாள்.

அவள் தேடியது ஒரு சேலையை. தம்பி கல்யாணத்துக்குக் கட்டிய மாம்பழக் கலர் பட்டு. அதே மாதிரி பார்டரில் மகளுக்குப் பாவாடை தைக்க வேண்டும், தையல்காரிக்குப் படம் அனுப்ப வேண்டும். கல்யாணப் படங்களெல்லாம் தங்கபாண்டி போனில்தான் இருந்தன. உரக்கடைக்கு லோடு வந்துவிட்டதென்று அவன் போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்குப் பறந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது எடுத்துக்கொள்வானாம். நல்லதாகப் போயிற்று என்று கேலரியைத் திறந்தாள்.

கல்யாணம் இல்லை. மகள் நடை பழகியது இல்லை. சுருளி அருவிக்குப் போனது, மேகமலையில் பஸ்ஸுக்குள் மழைக்கு ஒதுங்கியது, ஒன்றுமே இல்லை. கேமரா என்ற இடத்தில் காலையில் எடுத்த இரண்டு பில் படம் மட்டும் கிடந்தது.

ஆனால் வாட்ஸப் என்ற இடம் நிறைந்து கிடந்தது. அதில் ஒரு பொம்பளையின் கை. சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட கை. உள்ளங்கையில் வெற்றிலை, அடுத்த படத்தில் அதே கை, வெற்றிலையைத் திருப்பிப் பிடித்திருக்கிறது. தள்ளத் தள்ள அந்தக் கைதான். ஒரு படத்தில் கைக்காரியே நிற்கிறாள், வெற்றிலைக் கொடிக்காலுக்குள், முந்தானையைச் செருகிக்கொண்டு, பல் தெரிய.

பாண்டீஸ்வரி. வேறு யார்? குச்சனூர்ப் பக்கம் கொடிக்கால் வைத்திருப்பவள். புருஷன் கேரளாவில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்விட, தனியாளாக விவசாயம் பார்ப்பவள். "அந்தப் புள்ள கொடிக்காலப் பாத்தா கண்ணு நெறஞ்சு போகும்" என்று தங்கபாண்டி சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் சொல்லுவான். புள்ளயாம். ராஜாத்தி வைக்கும் ரசத்தைப் பார்த்து அவனுக்கு ஒரு நாளாவது கண் நிறைந்ததுண்டா? வாய் நிறைய ஒரு வார்த்தை வந்ததுண்டா?

ஆக, பெண்டாட்டி பிள்ளையைத் துடைத்துப் போட்டுவிட்டு அவளை மட்டும் வைத்திருக்கிறான். வயிறு எரிந்தது. எரியத்தான் செய்யும். அவள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு டிக் போட்டாள். கீழே குப்பைத்தொட்டிப் படம் வந்தது. அழுத்தப் போனவள், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டுமென்று நினைத்தாள். தேனியில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கும் நாத்தனார் பவானிக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். அண்ணன் லட்சணம் தங்கச்சிக்கும் தெரியட்டும்.

முழுவதையும் கேட்டுவிட்டுப் பவானி சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் அவள் செய்த புண்ணியம்.

"மதினி, அழிச்சது அண்ணன் இல்ல, நான்தான். ஞாயித்துக்கெழம வந்தப்ப எடம் இல்லன்னு போன் கத்திக்கிட்டே இருந்துச்சு. பயிருக்கு நோவுன்னு மருந்து கேட்டு விவசாயிக அனுப்புற படம் ஒண்ணும் எறங்க மாட்டேங்குதுன்னாக. அதான் எடத்தக் காலி பண்ணிக் குடுத்தேன்."

"எங்க வீட்டுக் கல்யாணந்தான் எடத்த அடச்சுச்சோ?"

அந்தப் படங்கள் எங்கும் போகவில்லை என்று பவானி சொன்னாள். போட்டோஸ் ஆப்பில் எல்லாம் ஏறி முடிந்ததா என்று முதலில் பார்த்தாளாம். முடிந்தது என்று காட்டியும் நம்பாமல், தன் லேப்டாப்பில் அண்ணன் கணக்கைத் திறந்து பழைய படம் புதுப் படம் நாலைந்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். அதற்குப் பிறகுதான் அந்த ஆப்பிலேயே இடத்தைக் காலி செய்யும் பட்டனை அழுத்தினாளாம். மேலே, அதாவது அண்ணனின் நெட் கணக்கில், பத்திரமாக ஏறியதை மட்டும்தான் அது போனிலிருந்து எடுக்கும், ஏறாததைத் தொடாது. வாட்ஸப்பில் வரும் படங்களை ஏற்றச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. அதனால் அவை அப்படியே நின்றுவிட்டன.

"இருக்கது போயிருச்சுன்னும், இல்லாதது இருக்குன்னும் நெனச்சுட்டீக. மேல இருக்கதுதான் பத்திரம் மதினி. அந்தப் பொம்பள படம் அண்ணன் போன்ல மட்டுந்தான். அத அழிச்சிட்டீகளா?"

"இல்ல," என்றாள் ராஜாத்தி. குரலில் வருத்தம் இருந்தது.

போட்டோஸ் ஆப்பைத் திறக்கச் சொன்னாள் பவானி. திறந்தால், ஆத்தாடி, கல்யாணம், அருவி, மழை, மாம்பழப் பட்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நெட் இருந்தால் எப்போதும் பார்க்கலாமாம். பார்க்கலாம், அனுப்பலாம், ஆனால் இந்த ஆப்புக்குள் எதையும் அழிக்க மட்டும் கூடாது, அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் பவானி போனை வைத்தாள்.

சேலையைக் கண்டுபிடித்துத் தையல்காரிக்கு அனுப்பினாள். அத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் அந்த ஆப் முகங்களையெல்லாம் வட்டம் வட்டமாகப் பிரித்து வைத்திருந்தது. மகள் முதலில். அடுத்து மாமியார். அப்புறம் கடைக்கு எதிரில் டீ போடும் மொக்கம்மாள். அவளுக்குக்கூட ஒரு வட்டம். ராஜாத்தி தள்ளிக்கொண்டே போய்க் கடைசிக்குப் பக்கத்தில் தன் முகத்தைப் பிடித்தாள். தொட்டால் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அதிலும் பாதிப் படத்தில் மகளுக்குப் பின்னால் கலங்கலாக நிற்கிறாள். ஒன்றில் அவள் நெற்றி மட்டும்.

பாண்டீஸ்வரி மேலிருந்த ஆத்திரம் குறையவில்லை, கூடியது. அவளுடைய இலைக்குப் புள்ளி விழுந்தால்கூட முன்னும் பின்னும் பார்க்க ஒரு ஆள் இருக்கிறான். எனக்கு என்ன நோவு என்று யார் திருப்பிப் பார்த்தார்கள்?

மறுபடி கேலரிக்குப் போனாள். வளையல் கை பல்லிளித்தது. இப்போது ஒன்று நன்றாகத் தெரியும்: இதை அழித்தால்தான் உண்மையிலேயே அழியும். விரல் அந்தக் குப்பைத்தொட்டி மேல் கொஞ்ச நேரம் நின்றது. இதைப் பார்த்து மருந்து சொல்ல ஆளில்லாமல் அந்தக் கொடிக்காலில் பாதி பட்டுப்போனால் அவள் புருஷன் இன்னொரு வருஷமும் ஏலமலையிலேயே கிடப்பான் என்ற நினைப்பு வந்து தொலைத்தது. டிக்கையெல்லாம் எடுத்துவிட்டு, போனை நங்கென்று வைத்துச் சார்ஜில் போட்டாள்.

மதியம் தங்கபாண்டி வந்து, சாப்பிட்டு, கொடிக்காலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, போனை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு பெட்டியைத் திறந்து சிவப்புக் கண்ணாடி வளையல் எடுத்துப் போட்டாள். கொல்லையில் கறிவேப்பிலைச் செடியில் ஒரு இணுக்கு ஒடித்து உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தாள். திருப்பிப் பிடித்து ஒன்று. பிறகு போனைத் தன் பக்கம் திருப்பி, முகம் முழுசாகத் தெரிய ஒன்று. மூன்றையும் அவனுக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். முதல் படத்தை மட்டும் பார்த்திருக்கிறான் போல.

"இலையில ஒண்ணும் நோவு தெரியலயே. எங்கன உள்ள செடி?"

"உங்க வீட்டுலதான். கல்யாணமாகி வந்ததுலருந்து இங்கனதான் நிக்கிது."

போனைக் காதிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்த படங்களைத் தள்ளிப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கடையில் யாரோ பூச்சிமருந்து கேட்டார்கள். அவன் அவர்களை இருக்கச் சொன்னான்.

"ராஜாத்தி," என்றான். குரல் இறங்கியிருந்தது. "இத பவானிகிட்டச் சொல்லி மேல ஏத்திப் பத்திரமா வச்சுக்கிறவா?"

"வேணாம். மேல ஏத்துனா மறுபடி எடம் காலி பண்றப்ப போன்லருந்து என்னைய எடுத்துரும்," என்றாள் ராஜாத்தி. "அவ கைக்குப் பக்கத்துலயே கெடக்கட்டும். அவளப் பாக்குறப்பல்லாம் என்னையும் பாருங்க."