இரண்டு கையெழுத்து

எங்கள் சலவைக் கடைக்கு ஒரு துணிகூட வராவிட்டாலும் மாதம் அறுபதாயிரம் போய்விடும். வாடகை, இஸ்திரி போடும் இரண்டு பேரின் சம்பளம், சலவை மெஷின் தவணை எல்லாம் சேர்த்து. ஒருமுறை தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து பதினெட்டு நாள் கடை மூடிக் கிடந்தபோதுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்காமல் இனி தூங்குவதில்லை என்று வைராக்கியம் பிடித்தேன்.

முதல் வருடம் மாதம் ஆயிரம்தான் முடிந்தது. ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்பு வர ஆரம்பித்ததும் மூவாயிரம், நாலாயிரம் என்று ஏறியது. நடுவில் வாடகை கூடியது. உடனே மூன்று மாதக் கணக்கும் கூடிவிட்டது. கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிற பிழைப்பு.

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர்தான், கையில்தான் ஓட்டை. இரண்டாவது வருடம் என்னைக் கேட்காமல் அந்தக் கணக்கிலிருந்து எடுத்து ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தார்.

“அவசரம்மா, நாளையோட தள்ளுபடி முடியுது.”

தள்ளுபடி முடிவதெல்லாம் ஓர் அவசரமா? இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் பேங்குக்கு இழுத்துப் போய், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று மாற்றி எழுதவைத்தேன். ஏ.டி.எம். கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அதற்கப்புறம் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் புது போன் என்று ஆரம்பித்தால் நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பேன்: “அந்தப் பணத்தை எடுக்கலாமா?”

அவர் வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி இடமும் வலமுமாகப் பலமாகத் தலையை ஆட்டுவார்: “கூடாது, கூடாது.”

ஐந்தரை வருடத்தில், இந்த வருடம்தான் மூன்றாவது மாதப் பணமும் சேர்ந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு வாரத்துக்கு முன், ஈரத்துணிக் கூடையைத் தூக்கும்போது அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. அரசு ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் நான் அவரோடு ஆஸ்பத்திரியில் கிடக்க, கடை மூடிக் கிடந்தது; ஓட்டல்காரர்கள் துணியை வேறு கடைக்கு மாற்றிவிட்டார்கள். போன மாத வாடகை என் வளையலில் போயிற்று.

“பத்தாம் தேதி வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவேன். தப்பா நினைக்காதம்மா” என்றார் கட்டட உரிமையாளர்.

பேங்கில் நான் மட்டும் கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் இரக்கத்தோடு திருப்பித் தந்தாள்.

“ரெண்டு பேரும் போடணும்கா. நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?”

நான் எழுதிக் கொடுத்ததுதான். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

நடையாய் நடந்து கெஞ்சியதில், அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்து கைரேகை வாங்க ஒப்புக்கொண்டார். ஆனால் விஷயம் புரிந்து, என் வீட்டுக்காரரே சம்மதம் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் கோர்ட்டுக்குத்தான் போகணுமாம், மாதக்கணக்கில் ஆகுமாம்.

ஒன்பதாம் தேதி காலையில் அதிகாரி வந்தார். டாக்டரும் பக்கத்தில் நின்றார். நான் என் வீட்டுக்காரருக்கு முகம் துடைத்து, தலை வாரிவிட்டேன். முந்தின நாளெல்லாம் சொல்லியிருந்தேன், கடை வாடகைக்கு, கடை வாடகைக்கு என்று. எவ்வளவு உள்ளே போனதோ தெரியாது.

அதிகாரி குனிந்து, நிதானமாகக் கேட்டார்: “ஐயா, உங்க கணக்குல இருக்கிற அந்தப் பணத்தை எடுக்கலாமா?”

அவர் கண் என் பக்கம் திரும்பியது. தலை பலமாக ஆடியது. கூடாது, கூடாது.

“என்னங்க, இது கடைக்குங்க! கடை மூடிக் கிடக்குதுங்க!” என்று கத்தினேன்.

“நீங்க பேசாதீங்கம்மா” என்றார் அதிகாரி. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே ஆட்டம், முன்னைவிடப் பலமாக. அதிகாரி மைப்பெட்டியை மூடினார்.

“அவரே வேணாம்னு சொல்றப்போ நான் என்னம்மா பண்றது?”

அவர்கள் போன பிறகும் என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வாரமாக அசையாத வாயின் ஒரு ஓரம் மேலே ஏறியது. பதிலைச் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷம். இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் அதற்கப்புறம் நான் சிரிப்பேன், அதற்காகக் காத்திருந்தார்.

நான் சிரித்தேன்.