பூஜ்யம் பதினொன்றில் ஒரு தையற்கடை

ஹோட்டல் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். எத்தனையோ பேர் என் காதில் கத்தியிருக்கிறார்கள். ஆனால் நானூற்றுப் பன்னிரண்டாம் அறைக்காரர் கத்திய கத்தலில் என் தோடே கழன்று விழுந்தது.

"மேடம், எங்கம்மா வீட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான்!"

"யாரு சார்?"

"மூணு தடவ போட்டேன். மூணு தடவயும் ஒரே ஆளு. 'பிளவுஸ் இன்னும் ரெடியாகல'ங்கறான்!"

அடுத்த நிமிஷம், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல், ஒரு கன்னத்தில் சவர நுரையோடு என் முன்னால் நின்றார். வேலை நிமித்தம் வெளிநாட்டிலிருந்து வந்தவர். அம்மா இருப்பதோ மூன்றாவது ஒரு நாட்டில். அன்று அந்த அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பிள்ளை குரலைக் கேட்காமல் வாசல்படி தாண்டமாட்டேன் என்று சபதம். ஆஸ்பத்திரிக் கார் எங்கள் நேரப்படி பத்தரைக்குக் கிளம்பிவிடும். மணி பத்து இருபது.

"அது சொன்னா சொன்னதுதான் மேடம். நான் பேசலேன்னா ஆபரேஷனே கிடையாது!"

அவர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். அம்மா நம்பர் 011 என்று தொடங்கியது.

"வீட்லேர்ந்து பத்து வருஷமா இப்படித்தான் போடறேன்."

"அங்க சரி சார். 011 உங்கம்மா நம்பரே இல்ல. நீங்க குடியிருக்கற நாட்ட விட்டு வெளிய போற கதவு. இங்க கதவு 00."

"உலகத்துக்கே ஒரே நம்பர் வச்சா குடியா முழுகிடும்?"

"அடுத்து இருக்கே, அம்மாவோட நாட்டு எண், அது எங்கேர்ந்து போட்டாலும் ஒண்ணுதான். வெளிய போற கதவு மட்டும் நீங்க நிக்கற நாட்டப் பொறுத்தது."

"அப்ப அந்த பிளவுஸ்காரன்?"

"இங்க 011ன்னா தலைநகரத்தோட ஊர் எண். அம்மாவோட நாட்டு எண்ணும் அதுக்கப்பறம் வந்த கொஞ்ச எண்ணும் சேர்ந்து அந்த ஊர்க் கடை நம்பராயிடுச்சு. மிச்சத்த எக்ஸ்சேஞ்ச் சட்டையே பண்ணாது."

பேசிக்கொண்டே நோட்டில் 011ஐ வெட்டிவிட்டு, போர்டில் 00 போட்டேன். மற்றதெல்லாம் அப்படியே. முதல் மணியிலேயே அம்மா எடுத்தார். குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது.

"ஏண்டா, இப்பதான் விடிஞ்சுதா? செருப்பு மாட்டிக்கிட்டு எவ்ளோ நேரம் நிக்கறது? டிரைவர் ரெண்டு தூக்கம் தூங்கிட்டான்!"

"கிளம்பும்மா, கிளம்பு!" என்றவர், கன்னத்து நுரையை என் வருகைப் பதிவேட்டிலேயே துடைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

சாயங்காலம் போர்டில் விளக்கு எரிந்தது. ஓர் ஆண் குரல், தயங்கித் தயங்கி.

"இந்த நம்பர்லேர்ந்து காலைல ஒருத்தர், 'எங்கம்மாவ என்ன பண்ணினே'ன்னு திட்டினாருங்க. கடைசியில பாவம், கண்ணு ஆபரேஷன்னு அழுதுட்டார். மனசே கேக்கல. நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சிடுச்சாம்" என்று சொல்லி அறைக்கு இணைத்தேன். நாற்பது நிமிஷம் பேசினார்கள். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கடைசியில் அறைக்காரர் தோள் பதினெட்டு அங்குலம் என்று அளவு சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது.